வெறும் பையே எவ்வளவு கனம்?

மே மாதக் கடைசியில் பை விற்கும் கடைகளில் நிற்க இடமிருக்காது. எத்தனை ஜிப், மழையில் நனையுமா, உத்தரவாதம் உண்டா, முன்பக்கம் இருக்கும் பொம்மை உரிந்துவிடுமா என்று பெற்றோர் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். வெறும் பை எத்தனை கிராம் என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் கடைக்காரர் பையை ஒரு கையால் தூக்கிக் காட்டி, "பாருங்கக்கா, பஞ்சு மாதிரி" என்பார். பெரியவர் கைக்கு எண்ணூறு கிராமும் பஞ்சுதான். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் முதுகுக்கு அது கிட்டத்தட்டப் பாதிக் கணக்கு.

அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது? மத்திய கல்வி அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, பத்தாம் வகுப்பு வரை பையின் மொத்த எடை குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு 1.6 முதல் 2.2 கிலோ வரை. மூன்று முதல் ஐந்து வரை 1.7 முதல் 2.5 கிலோ வரை. அதற்கும் கீழே, எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளுக்குப் பையே வேண்டாம் என்பது அதன் நிலை. ஒரே வகுப்புக்கு இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒரே பெஞ்சில் உட்காரும் 16 கிலோ குழந்தைக்கும் 22 கிலோ குழந்தைக்கும் ஒரே பை சரிவராது. ஒல்லியான பிள்ளைக்கு 1.6 கிலோதான் எல்லை. ஆகவே பை வாங்கப் போவதற்கு முன்னால் நிறுத்துப் பார்க்க வேண்டியது குழந்தையை.

பத்து சதவீதம் என்பது தாண்டியவுடன் முதுகு வளைந்துவிடும் கோடு அல்ல, எச்சரிக்கைக்காகப் போட்ட வேலி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 10 முதல் 20 சதவீதம் வரை என்று கொஞ்சம் தாராளமாகவே சொல்கிறார்கள். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, ஏற்கனவே வந்த 69 ஆய்வுகளைத் திரட்டிப் படித்து 2018-இல் ஒரு முடிவு சொன்னது: பைதான் முதுகுவலிக்குக் காரணம் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் கோளாறையும் பள்ளிப் பையின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. தராசு காட்டும் எடையைவிட, 'கனமா இருக்கு' என்று பிள்ளையே சொல்வதற்கும் வலிக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. பிள்ளை முனகினால், சாக்கு என்று தள்ளிவிட வேண்டாம் என்பதற்கு இது போதும்.

இப்போது ஒரு பையைப் பிரித்துப் பார்ப்போம். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் ஆறு வயதுச் சிறுமி, எடை 19 கிலோ. எல்லை 1,900 கிராம். அவளுக்குப் பிடித்தது, முன்பக்கம் பொம்மை முகம் புடைத்து நிற்கும் கெட்டிப் பை. வெறுமையாகவே 800 கிராம். பக்கத்துப் பையில் 600 மில்லி எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், நிரப்பினால் 800 கிராம். உள்ளே கிளிப் வைத்த டிபன் பாக்ஸ், தயிர்சாதத்தோடு 500 கிராம். இதுவரை 2,100 ஆகிவிட்டது. ஒரு புத்தகம்கூட இன்னும் உள்ளே போகவில்லை! மூன்று நோட்டு 400, ஒரு பாடப்புத்தகம் 300, டைரி 200, காந்த மூடி போட்ட பென்சில் பாக்ஸ் 200 என்று சேர்த்தால் 3,200 கிராம். உடல் எடையில் கிட்டத்தட்ட 17 சதவீதம்.

பாடப்புத்தகத்தைத் திட்டுவது எளிது. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறை வந்ததே புத்தகத்தை மூன்றாகப் பிரித்துச் சுமையைக் குறைக்கத்தான். ஆனால் சின்ன வகுப்புகளில் பெரும் பங்கு பையும் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும்தான் என்பதை மேலே உள்ள கணக்கே காட்டுகிறது. இது நம் கையில் இருக்கும் பங்கு.

அதே சிறுமிக்கு 400 கிராமில் ஒரு சாதாரணத் துணிப் பை வாங்கினால், முதல் அடியிலேயே 400 கிராம் மிச்சம். பள்ளியில் குடிநீர் நன்றாக இருந்தால் 150 கிராம் இலேசான பாட்டிலைக் காலியாகக் கொடுத்தனுப்பி அங்கே நிரப்பிக்கொள்ளலாம். நல்ல குடிநீரைப் பள்ளியே தர வேண்டும் என்று அந்தக் கொள்கையும் சொல்கிறது. டிபன் பாக்ஸைச் சின்னதாக்கினால் சாதத்தோடு 350. கால அட்டவணையைப் பார்த்து இரண்டு நோட்டு மட்டும் 250, புத்தகம் 300, டைரி 200, பென்சிலுக்குத் துணிப் பவுச் 80. கூட்டினால் 1,730. எல்லைக்குள் வந்துவிட்டது. பள்ளித் தண்ணீரை நம்ப முடியாத இடத்தில் 300 மில்லி ஊற்றி அனுப்பினால் 2,030 ஆகும். எல்லையைவிட 130 கிராம் கூடுதல். அதற்காகத் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் தாகத்தோடு பிள்ளை உட்கார்ந்திருப்பது அந்த 130 கிராமைவிடப் பெரிய கெடுதல்.

ஆக, கடையில் முதலில் பார்க்க வேண்டியது காலிப் பையின் எடை. 19, 20 கிலோ பிள்ளைக்கு அரை கிலோவுக்குள் இருந்தால் நல்லது. பையின் சீட்டில் பெரும்பாலும் எடை போட்டிருக்காது. பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடைத் தராசு போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எடையைக் கூட்டுபவை வெளியில் தெரிபவைதான்: புடைத்த கெட்டி முகப்பு, தேவையில்லாத அறைகள், உலோகக் கொக்கிகள், அடியில் வைத்த கெட்டிப் பலகை. சக்கரம் வைத்த டிராலிப் பை வேண்டாம் என்பேன். சக்கரமும் இழுக்கும் கம்பியும் சேர்ந்து பையின் எடையையே ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். மாடிப்படி வந்தவுடன் அந்த முழுக் கனத்தையும் பிள்ளை ஒரு கையால் தூக்க வேண்டும். படியேறும்போது அடிபடும் என்பதால் 2020 கொள்கையும் அதை அனுமதிக்கவில்லை.

அடுத்தது முதுகுப் பக்கத்து மெத்தை. இதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மெத்தை எடையைக் குறைக்காது. டிபன் பாக்ஸின் மூலையும் நோட்டின் முனையும் முதுகெலும்பில் குத்தாமல் தடுப்பதும், பையின் பின்புறம் தொய்ந்து உருண்டையாகாமல் தட்டையாக நிற்க வைப்பதும்தான் அதன் வேலை. அதனால் தடிமன் முக்கியமில்லை, தரம் முக்கியம். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் மறுபக்கத் துணியைத் தொடுகிற அளவுக்கு அமுங்கினால் அது வெறும் ஸ்பாஞ்ச். சில மாதங்களில் அப்பளமாகிவிடும். கொஞ்சம் எதிர்த்து நின்று, விட்டவுடன் மேலே எழும்பினால் நல்ல ஃபோம். ரொம்பப் பருத்த மெத்தையிலும் ஒரு தொல்லை இருக்கிறது: அது பையை முதுகிலிருந்து விலக்கிப் பின்னால் தள்ளுகிறது.

அப்படி விலகினால் என்ன ஆகும்? கனம் முதுகிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்குப் பிள்ளையைப் பின்னால் சாய்க்கப் பார்க்கும். விழாமலிருக்க அவள் இடுப்பிலிருந்து முன்னால் குனிகிறாள். எதிரே பார்க்கத் தலையை மட்டும் நீட்டுகிறாள். கழுத்தும் தோளும் நாள் முழுக்க அந்த நிலையில் உழைக்கின்றன. ஆகவே புத்தகம், டிபன் பாக்ஸ் போன்ற கனமானவை முதுகை ஒட்டிய அறையில் இருக்க வேண்டும். பென்சில், கைக்குட்டை முன்னறைக்குப் போகட்டும். வெயில் ஊருக்கு, மெத்தைமேல் வலைத்துணியும் நடுவில் காற்றுப் போகும் பள்ளமும் இருந்தால் சட்டை முதுகில் ஒட்டாது.

வார்ப்பட்டைகள் இரண்டும் அகலமாக, குறைந்தது இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். தோளின் முன்பக்கம் கைக்குப் போகும் நரம்புகள் கடக்கின்றன. கயிறுபோல் ஒடுங்கிய பட்டை அங்கே அழுத்தினால் கை மரத்துப்போகும், விரலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டும் சிறு பட்டை சின்னப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன்படும். குறுகிய தோளிலிருந்து பட்டை நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும்.

அளவைப் பொறுத்தவரை நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது: வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷமும் ஆகும் என்று ஒரு சைஸ் கூடுதலாக எடுப்பது. சட்டைக்கு அது சரி. பையை மட்டும் இன்றைய முதுகுக்கு வாங்க வேண்டும். குழந்தையைக் கூட்டிப்போய், உள்ளே இரண்டு புத்தகம் வைத்து மாட்டிப் பாருங்கள். மேல்விளிம்பு தோளைத் தாண்டக் கூடாது. அடிப்பக்கம் இடுப்புக்குக் கீழே நான்கு அங்குலத்துக்கு மேல் தொங்கக் கூடாது. அகலம் முதுகைவிட விரியக் கூடாது. பெரிய பைக்கு இன்னொரு கெட்ட குணம், காலியிடம் இருந்தால் ஏதாவது வந்து நிறைந்துவிடும்.

வாங்கியபின் முதல் வாரத்தில் ஒரு நாள், மாலையில் குழந்தை வீட்டுக்குள் நுழையும்போது பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். இரண்டு கையாலும் பட்டையை நெஞ்சுக்கு முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வருகிறாளா? முன்னால் குனிந்திருக்கிறாளா? பையைக் கழற்றியபின் தோளில் சிவந்த தடம் கொஞ்ச நேரம் நிற்கிறதா? முதலில் பட்டையை இறுக்கிப் பாருங்கள். பாதிப் புகார் அதிலேயே தீரும். வேனிலும் ஆட்டோவிலும் பையைக் கழற்றி மடியில் வைக்கப் பழக்குங்கள். முதுகில் பையோடு உட்கார்ந்தால் சீட்டில் பாதிதான் கிடைக்கும். பட்டையை இறுக்கியும் சுமையைக் குறைத்தும் கை மரத்துப்போவதோ முதுகுவலியோ ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா வலிக்கும் பையே காரணமாக இருக்காது.

வெள்ளிக்கிழமை மாலை பையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். முடிந்துபோன நோட்டு, போன பருவத்துப் புத்தகம், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், விளையாட்டு மைதானத்துக் கூழாங்கற்கள் என்று கால் கிலோ வரை விழுவது சாதாரணம். கூழாங்கற்களை மட்டும் அவளிடம் கேட்டுவிட்டு எறியுங்கள்.