30 பந்தில் 30 ரன்: வெற்றி வாய்ப்புக் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

2024 ஜூன் 29. பார்படாஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் மைதானத்தில் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இந்தியா 176 ரன் எடுத்திருந்தது. அக்சர் படேல் வீசிய 15-வது ஓவரில் ஹென்ரிக் கிளாசன் விளாசித் தள்ள, அந்த ஒரு ஓவரில் மட்டும் 24 ரன் போனது. தென்னாப்பிரிக்கா 4 விக்கெட்டுக்கு 147. இன்னும் 30 பந்தில் 30 ரன் வேண்டும். கையில் 6 விக்கெட் இருக்கிறது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று எண்ணாத இந்திய ரசிகர்கள் அந்த நேரத்தில் மிகச் சிலரே. கடைசியில் இந்தியா 7 ரன்னில் வென்றது.

இப்படி ஒரு ஆட்டம் முடிந்ததும், திரையில் ஓடும் வெற்றி வாய்ப்புச் சதவீதத்தைப் பலரும் திட்டித் தீர்ப்பார்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் திட்டுவதற்கான காரணம் பெரும்பாலும் கரைந்துவிடும். உண்மையிலேயே குறை சொல்லவேண்டிய இடம் எது என்பதும் புலப்படும்.

துரத்தும் அணியின் நிலையை மூன்று எண்களுக்குள் அடக்கிவிடலாம்: எடுக்கவேண்டிய ரன், மீதிப் பந்து, கையில் உள்ள விக்கெட். இவற்றை வைத்து வெற்றி வாய்ப்பைக் கணக்கிட்டுப் பார்வையாளர்களுக்குக் காட்டிய முறைகளில் பெயர் பெற்றது ‘வாஸ்ப்’. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஸ்காட் புரூக்கர், ஷேமஸ் ஹோகன் ஆகியோரின் ஆய்வில் உருவான இது, 2012-ல் அந்நாட்டுத் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு வந்தது. இதன் அடிப்படை உத்தி எளிமையானது. ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து பார்க்காமல், கடைசிப் பந்திலிருந்து பின்னோக்கி வரவேண்டும்.

ஏன் கடைசிப் பந்து? அங்கேதான் விடை நேரடியாகத் தெரிகிறது. விளக்கத்துக்காக ஒரு பட்டியலை நானே வைத்துக்கொள்கிறேன். இறுதி ஓவர்களில் வீசப்படும் 100 பந்தில் 25-ல் ரன் இல்லை, 40-ல் ஒரு ரன், 10-ல் இரண்டு, 12-ல் நான்கு, 6-ல் ஆறு, மீதி 7-ல் விக்கெட் விழுகிறது. வைடு, நோபால் போன்றவற்றையும், சமனில் முடிந்து சூப்பர் ஓவருக்குப் போவதையும் ஒதுக்கிவைப்போம்.

இப்போது ஒரே ஒரு பந்து மீதி. ஒரு ரன் போதும் என்றால், ரன் வரும் பந்துகள் அத்தனையும் வெற்றிதான்: 40, 10, 12, 6 சேர்ந்து 68 சதவீதம். இரண்டு ரன் வேண்டும் என்றால் ஒற்றை ரன் பயன்படாது, 28 சதவீதம்தான். மூன்று ரன் வேண்டும் என்றால் பவுண்டரியோ சிக்ஸரோ போனால்தான் உண்டு, 18 சதவீதம்.

அடுத்து ஒரு பந்து பின்னால் வருவோம். இரண்டு பந்தில் மூன்று ரன் வேண்டும். முதல் பந்தில் என்ன நடந்தாலும், அதற்குப் பிறகு வரும் நிலையின் விடை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ரன் வராவிட்டால் ஒரு பந்தில் மூன்று, அதாவது 18 சதவீதம். ஒரு ரன் வந்தால் ஒரு பந்தில் இரண்டு, 28 சதவீதம். இரண்டு வந்தால் ஒரு பந்தில் ஒன்று, 68 சதவீதம். நான்கோ ஆறோ வந்தால் அப்போதே வெற்றி. விக்கெட் விழுந்தால் அடுத்தவர் வந்து ஒரு பந்தில் மூன்று எடுக்கவேண்டும், மறுபடியும் 18. ஒவ்வொன்றையும் அது நடக்கும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் சுமார் 42 சதவீதம் வருகிறது.

இதே வேலையை மூன்று பந்து, நான்கு பந்து என்று பின்னோக்கிச் செய்துகொண்டே போனால் முழு இன்னிங்ஸுக்கும் ஒரு பெரிய அட்டவணை நிரம்பிவிடும். 177 ரன் இலக்கு, 120 பந்து, 10 விக்கெட் என்றால் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட கட்டங்கள். கணினிக்கு இது கண் சிமிட்டும் நேர வேலை. ஆட்டம் நடக்கும்போது திரையில் வருவது, அந்தந்தப் பந்துக்குரிய கட்டத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் எண்தான்.

விக்கெட்டின் மதிப்பு இந்தக் கணக்குக்குள் நுழையும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மேலே பார்த்த இரண்டு பந்து, மூன்று ரன் நிலையில் கையில் ஒரே விக்கெட்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது விழுந்தால் 18 சதவீத வாய்ப்புக்குப் பதிலாக ஆட்டமே முடிந்துவிடும். அப்படியும் வாய்ப்பு 42-லிருந்து 40-க்குச் சற்று மேலான அளவுக்குத்தான் இறங்குகிறது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கையில் எத்தனை விக்கெட் என்பது அநேகமாகப் பொருட்டே இல்லை. 60 பந்து மீதி இருக்கும்போது கதை வேறு. அங்கே ஒரு விக்கெட் போனால், ஆல் அவுட் ஆகும் ஆபத்தும் கூடுகிறது. அடுத்து வருபவர் கொஞ்ச நேரம் நிதானித்து ஆடுவதால் ரன் வேகமும் குறைகிறது. அதனால்தான் உண்மையான மாதிரிகள் நான் வைத்ததைப் போல ஒரே பட்டியலை எல்லா இடத்துக்கும் பயன்படுத்துவதில்லை. எத்தனை பந்து மீதி, எத்தனை விக்கெட் போயிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பட்டியல் மாறும். அந்தப் பட்டியல்களைப் பழைய ஆட்டங்களின் பந்துவாரிப் பதிவுகளிலிருந்து எடுக்கிறார்கள். 8 விக்கெட் போய் 70 பந்து மீதி என்பதுபோன்ற அரிதான நிலைகளுக்குப் பதிவுகள் குறைவாகவே இருக்கும். அப்போது அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து எண்ணைச் சீராக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி பிரிட்ஜ்டவுனுக்கு வருவோம். என்னுடைய எளிய பட்டியலையே அந்தக் கடைசி ஐந்து ஓவர்கள்மேல் வைத்துப் பார்த்தேன். 30 பந்தில் 30 ரன், 6 விக்கெட்: தென்னாப்பிரிக்காவின் வாய்ப்பு சுமார் 93 சதவீதம். 16-வது ஓவரில் பும்ரா 4 ரன் மட்டும் கொடுத்தார். 24 பந்தில் 26 என்றாகி வாய்ப்பு 86. 17-வது ஓவரின் முதல் பந்திலேயே ஹர்திக் பாண்டியா கிளாசனை வெளியேற்றினார். அந்த ஓவரிலும் 4 ரன்தான். 18 பந்தில் 22; வாய்ப்பு 72. மறுபடி வந்த பும்ரா யான்செனை போல்டாக்கி 2 ரன் மட்டும் கொடுத்தார். 12 பந்தில் 20, வாய்ப்பு 33. அர்ஷ்தீப் சிங்கின் 19-வது ஓவரில் 4 ரன். கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும் என்ற நிலையில் வாய்ப்பு 6 சதவீதம்.

இந்த வரிசையில் மிகப் பெரிய சரிவு 18-வது ஓவரில் நிகழ்ந்திருக்கிறது. அதற்கு முன் இரண்டு ஓவர்கள் இறுக்கிப் பிடித்தும் தேவையான ரன் வேகம் 6-லிருந்து 7.33-க்குத்தான் ஏறியிருந்தது; தென்னாப்பிரிக்காவே முன்னணியில் இருந்தது. இரண்டு ரன் மட்டும் போன அந்த ஓவர்தான் தேவையான வேகத்தைப் பத்துக்குத் தூக்கி, தராசை மறுபக்கம் சாய்த்தது. பாண்டியாவின் கடைசி ஓவரில் சூர்யகுமார் யாதவ் எல்லைக்கோட்டில் பிடித்த மில்லரின் கேட்ச் நம் நினைவில் நிற்கிறது. கணக்கின் கண்ணில், ஆட்டம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது.

என் பட்டியலின் குறை எங்கே என்பதையும் இந்த ஐந்து ஓவர்களே காட்டுகின்றன. கிளாசன் அப்போது 27 பந்தில் 52 ரன் எடுத்திருந்தார். அவர் ஆட்டமிழந்ததும் களத்துக்கு வந்தவர் யான்சென். என் பட்டியலுக்கு இருவரும் ஒன்றுதான். அந்த விக்கெட்டை அது கிட்டத்தட்ட ரன் வராத ஒரு பந்தாக மட்டுமே பார்த்தது. ஆகவே 72 என்பது தென்னாப்பிரிக்காவுக்குச் சற்றுத் தாராளமான எண். இன்னொன்று பந்துவீச்சு. 30 பந்தில் 30 என்ற நிலையில் பும்ராவுக்கு இரண்டு ஓவர் மீதி இருந்தது. மூன்று எண்களை மட்டும் அறிந்த எந்தக் கணக்கும் அந்த 12 பந்துகளையும் சராசரிப் பந்துவீச்சாளர் வீசுவதாகவே எடுத்துக்கொள்ளும். பும்ராவோ அந்த இரண்டு ஓவரில் ஆறே ரன் கொடுத்தார். ஆடுபவர், வீசுபவர், ஆடுகளம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளும் மாதிரிகள் இப்போது உண்டு. அவை தொடக்க எண்ணைச் சில புள்ளிகள் குறைத்துக் காட்டியிருக்கலாம். ஆனாலும் எந்த மாதிரியும் அந்த நேரத்தில் இந்தியாவை முன்னணியில் காட்டியிருக்காது, காட்டியிருக்கவும் கூடாது.

அப்படியானால் 93 என்று சொன்ன கணக்கு தோற்றுவிட்டதா? ஒரு ஆட்டத்தை வைத்து அதைச் சொல்லவே முடியாது. ‘மழைக்கு 90 சதவீத வாய்ப்பு’ என்று வானிலை மையம் சொன்ன நாட்களை எல்லாம் சேர்த்துவைத்து, பத்தில் ஒன்பது நாள் மழை பெய்ததா என்று பார்ப்பதுதான் நியாயமான சோதனை. கிரிக்கெட்டிலும் அப்படித்தான். கணக்கு 90 என்று காட்டிய நூற்றுக்கணக்கான ஆட்டங்களைத் திரட்ட வேண்டும். அவற்றில் 90 சதவீதம் வெற்றியில் முடிந்திருந்தால் கணக்கு சரி. 98 சதவீதம் வென்றிருந்தால் அது தேவைக்கு மேல் தயங்குகிறது. 80 சதவீதம்தான் வென்றிருந்தால் அதற்கு அசட்டுத் துணிச்சல்.

சரியான கணக்கும் எத்தனை தடவை ‘ஏமாற்றும்’ என்பதைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஐம்பதுக்கு ஐம்பது என்று தொடங்கும் 90 ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு அணிக்கும் 45 வெற்றி. வெற்றி பெறும் அணி எப்படியும் 90 சதவீதத்தைக் கடந்துதான் நூறுக்குப் போகவேண்டும். 90-ஐத் தொட்ட அணி பத்தில் ஒன்பது முறை வெல்கிறது என்பதால், 45 வெற்றிக்கு ஓர் அணி 50 ஆட்டங்களில் 90-ஐத் தொட்டிருக்க வேண்டும். அவற்றில் ஐந்தில் கோட்டைவிட்டிருக்கும். எதிரணிக்கும் அதேபோல் ஐந்து. ஆக 90 ஆட்டத்தில் 10, ஒன்பதுக்கு ஒன்று. ஒரே சிக்ஸரில் எண் 90-ஐத் தாண்டிக் குதித்துவிடுவதும் உண்டு என்பதால் நடைமுறையில் இது கொஞ்சம் குறையும். இருந்தாலும் 74 ஆட்டங்கள் கொண்ட ஒரு ஐ.பி.எல். பருவத்தில், தோற்ற அணி ஒரு கட்டத்தில் 90-ஐத் தொட்டிருந்த ஆட்டங்கள் ஏழெட்டு இருந்தால் அது கணக்கின் பிழை ஆகாது. ஒன்றுகூட இல்லாமல் போனால்தான் கணக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த முறை துரத்தலின் நடுவே 93 என்ற எண்ணைப் பார்க்கும்போது, அது எந்த மூன்று எண்களிலிருந்து வந்தது என்று பாருங்கள். பிறகு அந்த மூன்றிலும் இல்லாத இரண்டு செய்திகளைத் தேடுங்கள்: யாருக்கு எத்தனை ஓவர் மீதி, அடுத்து இறங்கப்போவது யார். அந்த இரண்டும் எதிரணிக்குச் சாதகமாக இருந்தால், திரையில் உள்ள எண்ணில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். முழுவதையும் கழித்துவிடாதீர்கள். 30 பந்தில் 30 ரன் எடுக்கவேண்டிய அணிகள் பெரும்பாலும் அதை எடுத்தே விடுகின்றன. பிரிட்ஜ்டவுனில் அந்த ஐந்து ஓவரை வீசியவர்களின் சாதனை எவ்வளவு பெரியது என்பதற்கு அந்த 93-ஐவிட நல்ல அளவுகோல் இல்லை.