இடக்கை இல்லாத ஆறு எழுத்துகள்

அரபி எழுத்து கற்றுத்தரும் புத்தகம் எதை எடுத்தாலும் முதல் சில பக்கங்களில் ஒரு பெரிய அட்டவணை இருக்கும். மொத்தம் 28 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்: தனியே நிற்கும்போது, சொல்லின் முதலில், இடையில், கடைசியில். பெருக்கிப் பார்த்தால் 112 உருவங்கள். இந்தக் கணக்கைப் போட்டதுமே பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். விடாமல் மனப்பாடம் செய்பவர்களுக்கு வேறு தொல்லை. நிஜமான ஒரு சொல்லைப் பார்த்தால், கடைசியில் நிற்கும் எழுத்து ‘கடைசி’க் கட்டத்தில் படித்த உருவத்தில் இருப்பதில்லை.

அட்டவணையில் தவறு இல்லை. அதன் தலைப்புகள்தான் நம்மைக் குழப்புகின்றன. அரபி எழுத்தின் உருவத்தை முடிவு செய்வது, சொல்லில் அது நிற்கும் இடம் அல்ல. பக்கத்து எழுத்து அதோடு சேருமா, சேராதா என்பதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் 112 என்ற எண்ணை மறந்துவிடலாம்.

அரபி வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதில் கூட்டெழுத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என இரு வகை கிடையாது. கையால் எழுதினாலும் அச்சிட்டாலும் எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்தே வரும். சிரியாவின் தெற்கே நமாரா என்ற இடத்தில் கிடைத்த, 328ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபி மொழிக் கல்வெட்டு, அரபி எழுத்துக்கு மூலமான நபத்தேய எழுத்தில் வெட்டப்பட்டது. உளியால் கல்லில் செதுக்கும்போதுகூட எழுத்துகளைச் சேர்த்தே செதுக்கியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு கைகள் என்று வைத்துக்கொள்வோம். வலக்கையால் தனக்கு முன்னால் வந்த எழுத்தைப் பிடிக்கும். இடக்கையை அடுத்த எழுத்திடம் நீட்டும். 28 எழுத்துகளில் 22க்கு இரண்டு கையும் உண்டு. மீதி ஆறுக்கு இடக்கை இல்லை. முன்னால் வந்ததோடு சேரும். பின்னால் வருவதோடு சேராது. அந்த ஆறு: அலிஃப் ا, தால் د, அதற்குப் புள்ளி வைத்த ஃதால் ذ, ரா ر, அதற்குப் புள்ளி வைத்த ஸாய் ز, வாவ் و. புள்ளியை விட்டுவிட்டால் இவை நான்கே வடிவங்கள். மனப்பாடம் செய்யவேண்டியது என்று இருந்தால் அது இந்த நான்குதான்.

மற்ற எழுத்துகள் பெரும்பாலும் உடல், வால் என்ற இரண்டு பகுதிகளால் ஆனவை. இடப்பக்கம் யாரும் இல்லாதபோது வால் முழுதாக நீளும். அடுத்த எழுத்தைப் பிடிக்கவேண்டி வந்தால் வால் வெட்டுப்படும். உடல் மட்டும் நிற்கும். பா என்ற எழுத்தையே பாருங்கள். தனியே ب என்று இருக்கும்போது அகலமாக, மேலே திறந்து, அடியில் ஒரு புள்ளியோடு படுத்திருக்கிறது. அடுத்த எழுத்தோடு சேரும்போது بـ என்று, ஒரு சிறு பல் மட்டும் கோட்டுக்கு மேல் எழுந்து நிற்கிறது. புள்ளி அதே இடத்தில்தான் இருக்கிறது. எழுத்தை அடையாளம் காட்டுவது அந்தப் புள்ளி.

இப்போது ஒரு சொல். பள்ளிவாசல்களில் சிறுவர்கள் குர்ஆன் ஓதக் கற்கும் வகுப்பை மக்தப் என்பார்கள். குறில் உயிர்கள் அரபியில் வழக்கமாக எழுதப்படுவதில்லை என்பதால், அந்தச் சொல்லுக்கு மீம், காஃப், தா, பா என்ற நான்கு எழுத்துகளே போதும். தனித்தனியே அவை م என்றும் ك என்றும் ت என்றும் ب என்றும் இருக்கும். நான்குக்கும் இரு கைகள் உண்டு. சேர்த்தால்:

مكتب

வலது ஓரத்திலிருந்து பாருங்கள். மீம் தன் வாலை இழந்து ஒரு சிறு முடிச்சாகிவிட்டது. காஃப் மேலே ஒரு சாய்ந்த கோட்டோடு நிற்கிறது. தா ஒரு பல்லாகச் சுருங்கி, மேலே இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டிருக்கிறது. பாவுக்கு இடப்பக்கம் யாருமில்லை. அதனால் முழு உடலோடு நீண்டு, வலப்பக்கம் மட்டும் தாவைப் பிடித்திருக்கிறது. எழுதும்போது இந்தக் கோடு முழுவதையும் முதலில் ஓடவிட்டு, பிறகு திரும்பிவந்து காஃபின் சாய்கோட்டையும் மூன்று புள்ளிகளையும் போடுவார்கள். ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியோடு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் நம் பழக்கம் இங்கே உதவாது. கோடு நடுவில் அறுந்துபோகும்.

அட்டவணையை நம்பியவர் இதுவரை தடுமாறமாட்டார். அதே மூலத்திலிருந்து பிறந்த இன்னொரு சொல்லைப் பார்ப்போம். நூலுக்கு அரபியில் கிதாப். எழுத்துகள்: காஃப், தா, அலிஃப், பா.

كتاب

காஃப் தாவைப் பிடிக்கிறது. தா அலிஃபைப் பிடிக்கிறது. அலிஃபுக்கு இடக்கை இல்லை. கோடு அங்கே நின்றுவிடுகிறது. பா இந்தச் சொல்லின் கடைசி எழுத்துதான். ஆனால் அதன் வலக்கையைப் பற்ற ஆளில்லை. ஆகவே தனி எழுத்தாக, ‘தனியே’ என்ற கட்டத்தில் படித்த உருவத்திலேயே நிற்கிறது. நெட்டுருப் போட்டவர் இங்கேதான் ‘கடைசி’ உருவத்தைத் தேடி ஏமாறுகிறார். அலிஃபுக்கும் பாவுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி வேறு. புதிதாகப் படிப்பவர் இதை இரண்டு சொல் என்று நினைத்துவிடுவார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடும் இடம் இதைவிட அகலமாக இருக்கும். கையெழுத்தில் அந்த வேறுபாடு தெரியாவிட்டால், இடைவெளிக்கு வலப்பக்கம் இருப்பது அந்த ஆறில் ஒன்றா என்று பாருங்கள். இரு கையும் உள்ள எழுத்து வாலை நீட்டி நின்றால் சொல் அங்கே முடிந்தது என்று பொருள். ஆறில் ஒன்று நின்றால் சொல் முடிந்திருக்கலாம், தொடரவும் செய்யலாம்.

இந்த விதி முற்றிப்போனால் எப்படி இருக்கும் என்பதற்கு நமக்குத் தெரிந்த சொல்லே சாட்சி. தாசில்தார் அலுவலகத்துக்கு நாம் சான்றிதழ் கேட்டு நடக்கும் ‘வாரிசு’, அரபியிலிருந்து வந்தது. வாவ், அலிஃப், ரா, ஸா:

وارث

முதல் மூன்றுக்குமே இடக்கை இல்லை. நான்கு எழுத்துகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. சொல்லுக்கு முதல், இடை, கடை எல்லாம் இருக்கிறது. உருவம் மட்டும் எதற்கும் மாறவில்லை.

சேர்ந்து எழுதுவதில் ஒரு விலை உண்டு. வால் வெட்டப்பட்டால் பா, தா, ஸா, நூன், யா என்ற ஐந்து எழுத்துகளும் ஒரே பல்லாகிவிடுகின்றன. அவற்றைப் பிரிப்பது புள்ளி மட்டும்தான்: பாவுக்குக் கீழே ஒன்று, யாவுக்குக் கீழே இரண்டு, நூனுக்கு மேலே ஒன்று, தாவுக்கு மேலே இரண்டு, ஸாவுக்கு மேலே மூன்று. மகளுக்கு அரபியில் بنت (பின்த்). வீட்டுக்கு بيت (பைத்). இரண்டிலும் கோட்டில் துளி மாற்றம் இல்லை. நடுப்பல்லுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தால் மகள், கீழே இரண்டு வைத்தால் வீடு. இந்தச் சிக்கல் பழையது. எகிப்தில் 643ஆம் ஆண்டு எழுதப்பட்டு இப்போது வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் ஒன்று, ஆடுகள் பெற்றுக்கொண்டதற்குக் கிரேக்கத்திலும் அரபியிலும் கொடுத்த ரசீது. அதிலேயே சில எழுத்துகளுக்குப் புள்ளி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அல்ல. படிப்பவருக்கு விஷயம் தெரியும் என்றால் புள்ளி எதற்கு என்று அந்தக் காலத்து எழுத்தர் நினைத்திருக்கலாம்.

பிற்காலத்தில் பிற மொழிக்காரர்கள் இந்த எழுத்தை எடுத்துக்கொண்டபோதும் புள்ளிதான் கைகொடுத்தது. பாரசீகர்கள் தங்கள் பகரத்துக்குப் பாவின் உடலிலேயே கீழே மூன்று புள்ளி வைத்து پ என்று எழுதினார்கள். தமிழ் முஸ்லிம்கள் தமிழை அரபி எழுத்தில் எழுதிய அர்வியிலும், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு இருக்கும் எழுத்துகள்மீதே கூடுதல் குறிகளை இட்டார்கள். உடல் மாறாததால் சேரும் விதியும் மாறவில்லை.

உடலே உருமாறும் எழுத்துகள் சில உண்டு. அவற்றில் இரண்டை மட்டும் உட்கார்ந்து எழுதிப் பழகத்தான் வேண்டும். ஐன் தனியே ع. சொல் தொடக்கத்தில் عـ. இரு பக்கமும் பிடிபட்டால் மேலே மூடிக்கொண்டு ـعـ என்றாகிவிடும். ஹா தனியே ه; இடையில் ـهـ. இந்த இரண்டுக்கும் அட்டவணை உண்மையிலேயே உதவும்.

இன்னொரு குழப்பம் அலிஃபுக்கும் லாமுக்கும் நடுவில். இரண்டும் நிமிர்ந்த கோடுகள். கோட்டின் அடியைப் பார்த்தால் போதும். அங்கிருந்து இடப்பக்கம் எழுத்து தொடர்ந்தால் அது லாம். தொடராமல் நின்றால் அலிஃப். லாம் கடைசியில் வந்தால் கோட்டுக்குக் கீழே ஒரு கொக்கி வளைவு இருக்கும், அலிஃபுக்கு இராது. லாமுக்கு அடுத்து அலிஃப் வந்தால் இரண்டும் பின்னிக்கொண்டு لا என்ற ஒரே வடிவமாகும். இது அழகுக்காகச் செய்வது அல்ல, கட்டாயம்.

கணினியில் இந்த உருவங்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. பாவுக்கு யூனிகோடில் U+0628 என்ற ஒரே எண். முதலா, இடையா, தனியா என்பதை எழுத்துருவும் அதைத் திரையில் வரையும் மென்பொருளும் பக்கத்து எழுத்தைப் பார்த்து முடிவு செய்கின்றன. மென்பொருளுக்கு அந்த வேலை தெரியாவிட்டால் எழுத்துகள் தனித்தனியாக உதிர்ந்துவிடும். பல சமயம் வரிசையும் தலைகீழாகும். பல நாடுகளின் வரவேற்புப் பலகைகளிலும் விளம்பரத் தட்டிகளிலும் இந்தப் பிழை அச்சாகி நிற்பதுண்டு. அரபி தெரியாதவரும் அதைக் கண்டுபிடிக்கலாம். ஸலாம் என்ற சொல்லில் சீன், லாம், அலிஃப், மீம் என நான்கு எழுத்துகள். சரியாக இருந்தால்:

سلام

முதல் மூன்றும் ஒரே கோடு. அலிஃபுக்கு இடக்கை இல்லாததால் மீம் மட்டும் விலகி நிற்கிறது. பழுதான பலகையில் அதுவே இப்படித் தெரியும்:

م ا ل س

நான்கு எழுத்துகளும் வாலோடு, தனித்தனியாக, இடம் வலம் மாறி. அலிஃப் இங்கேயும் அடுத்த எழுத்தைப் பிடிக்காமல்தான் நிற்கிறது. அதனால் அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பார்க்கவேண்டியவை சீனும் லாமும். இரு கையும் உள்ள எழுத்துகள் ஒரு சொல்லின் நடுவே ஒன்றையொன்று விட்டு விலகி நின்றால், அந்தப் பலகையை எழுதியது அரபி தெரிந்தவரல்ல.