கை வளைந்திருந்தால் குற்றமா?

1995 டிசம்பர் 26, மெல்போர்ன் டெஸ்ட். முத்தையா முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் டாரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். பிறவியிலேயே முரளியின் முழங்கையை முழுவதுமாக நீட்ட முடியாது. வளைந்த கையைப் பார்த்தவர்கள் அதையே குற்றம் என்று நினைத்தார்கள்.

விதி வளைவைக் கேட்பதில்லை, நிமிர்வைத்தான் கேட்கிறது. பந்து வீசும்போது மேல்கை தோளுக்கு நேராகக் கிடைமட்டமாக வரும் நொடியிலிருந்து பந்து கையை விட்டுப் போகும் நொடி வரை முழங்கை எவ்வளவு நிமிர்ந்தது என்பதுதான் கணக்கு. ஒருவர் கை முதலில் 38 டிகிரி வளைந்திருந்து, பந்தை விடும்போது 26 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிர்வு 12 டிகிரி, தப்பில்லை. இன்னொருவர் கை 20 டிகிரியில் தொடங்கி 2 டிகிரியில் முடிகிறது. பார்க்க இவர் கைதான் நேராக இருக்கும், ஆனால் 18 டிகிரி நிமிர்ந்துவிட்டதால் இவர்தான் விதியை மீறியவர்.

இதை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்திலும் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. வீரரின் தோள், முழங்கை, மணிக்கட்டில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குமிழ்களை ஒட்டுவார்கள். சுற்றிலும் உள்ள அதிவேகக் கேமராக்கள் அவற்றின் அசைவைப் பதிவு செய்ய, கணினி எலும்புகளின் முப்பரிமாண நிலையைக் கணக்கிட்டுக் கோணத்தைச் சொல்லும். ஆட்டத்தில் போடும் எல்லா வகைப் பந்துகளையும் வீசிக் காட்ட வேண்டும். அங்கே மெதுவாக வீசித் தப்பிக்கவும் முடியாது, வேகத்தையும் சுழலையும் ஆட்டத்தின் வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

முன்பு சுழற்பந்துக்கு 5, மித வேகத்துக்கு 7.5, அதிவேகத்துக்கு 10 டிகிரி என்று வரம்பு இருந்தது. 2004இல் முரளியின் தூஸ்ரா 14 டிகிரி என்று அளக்கப்பட்டு, திருத்தத்துக்குப் பின் சுமார் 10க்கு இறங்கியது. அப்போதும் அது வரம்புக்கு மேல்தான். ஆனால் அதே காலத்தில் மற்றவர்களையும் அளந்தபோது, யாரும் சந்தேகிக்காத பல வேகப்பந்து வீச்சாளர்களும் பழைய வரம்பைத் தாண்டியிருந்தார்கள். ஏறத்தாழ 15 டிகிரிக்குள் இருக்கும் நிமிர்வு வெறும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதால், 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 என்று ஆக்கினார்கள். முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. அந்த அளவீடுகளைப் பார்த்தால் அது நியாயமான பேச்சில்லை.

புதிய வரம்பு எல்லோரையும் காப்பாற்றிவிடவும் இல்லை. 2014இல் ஒருநாள் பந்துவீச்சில் உலகின் முதலிடத்தில் இருந்த சயீத் அஜ்மல் சோதனையில் வரம்பை வெகுவாகத் தாண்டித் தடை பெற்றார். முறையை மாற்றிக்கொண்டு 2015இல் திரும்பினார், பழைய கூர்மை திரும்பவில்லை.

தொலைக்காட்சி ரீப்ளேயில் ஒருவர் எறிவதுபோலத் தெரிந்தால் அவசரப்படாதீர்கள். வளைந்த கை தோளிலிருந்து சுழலும்போதே, தட்டையான படத்தில் நிமிர்வதுபோலத் தோன்றும்.