ஏழாம் நாள் எண்ணை நம்பலாமா?

சிவில் இன்ஜினீயரிங் கடைசி ஆண்டு மாணவர்களிடம் சலிக்காமல் திரும்பி வரும் ப்ராஜெக்ட் ஒன்று உண்டு. சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் ஏதாவது கழிவைப் போட்டு, கான்கிரீட் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அரிசி ஆலைகள் உள்ள பக்கம் என்றால் பெரும்பாலும் உமிச் சாம்பல்தான். நெல் அவிக்கும் பாய்லருக்கு உமியே எரிபொருள். எரிந்த உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சிவிடும்.

அந்தச் சாம்பலுக்கு என்ன வேலை? சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கூடவே சுண்ணாம்பும் உண்டாகிறது. வலுவுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, சிமென்ட் தருவது போன்ற பசையாக மாற்றுகிறது. பழைய கட்டடங்களில் சுண்ணாம்போடு செங்கல் தூளைக் கலந்த சுர்க்கிக் காரையிலும் நடந்தது இதுதான். ஆனால் முதலில் சுண்ணாம்பு உண்டாக வேண்டும், பிறகுதான் சாம்பல் வேலையைத் தொடங்க முடியும். அதனால் ஏழாம் நாளில் சாம்பல் கலந்த கட்டி பின்தங்கியிருந்தால், அது தோல்வி என்று முடிவு கட்ட முடியாது. 28ஆம் நாளையும், முடிந்தால் 56, 90ஆம் நாட்களையும் பார்க்க வேண்டும்.

எல்லாச் சாம்பலும் இப்படி வினைபுரியாது. உமி ஏறக்குறைய 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் எரிந்தால் சிலிக்கா படிகமாகி மந்தமாகிவிடும். வெப்பம் போதாமல் அரைகுறையாக எரிந்தால் கரி மிஞ்சிச் சாம்பல் கறுத்திருக்கும். அந்தக் கரி தண்ணீரை உறிஞ்சும். எனவே பாய்லரிலிருந்து அள்ளி வந்ததை அப்படியே கொட்டக்கூடாது. அரைத்துச் சலித்து, சிமென்ட் அளவுக்கு நைசாக்க வேண்டும். கொஞ்சம் சாம்பலை உலையில் மறுபடி சுட்டு எடை பார்த்தால், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதிலிருந்து மிஞ்சிய கரியை மதிப்பிடலாம்.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு கன மீட்டருக்கு 380 கிலோ சிமென்ட் என்று கலவை வடிவமைத்திருக்கிறோம். 150 மில்லிமீட்டர் கட்டிகள் ஆறு வார்க்க, சேதாரம் சேர்த்து, சுமார் 8.5 கிலோ சிமென்ட் வேண்டும். 20 சதவீதம் மாற்றினால் 6.8 கிலோ சிமென்ட், 1.7 கிலோ சாம்பல்.

இங்கே மாணவர்கள் சறுக்கும் இடம் சிமென்ட் மூட்டைதான். கடையில் பரவலாகக் கிடைக்கும் பிபிசி மூட்டைகளில் பெரும்பாலானவற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே கலந்திருக்கும். இந்தியத் தர விதி 15 முதல் 35 சதவீதம் வரை அதை அனுமதிக்கிறது. அதில் இன்னொரு 20 சதவீதத்தைக் கூட்டிவிட்டு, 'இருபதுதான் போட்டோம்' என்று அறிக்கை எழுதினால் அது பொய்க்கணக்கு. கலப்பில்லாத ஓபிசி மூட்டையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். சாம்பல் கலந்ததும் கலவை கெட்டியாகி, வாளியில் தண்ணீரை ஊற்றச் சொல்லிக் கை பரபரக்கும். ஊற்றினால் வலு குறையும். பழி சாம்பல் மேல் விழும். தண்ணீரைக் கூட்டாமல், இளக்கம் தரும் சூப்பர்பிளாஸ்டிசைசரைச் சேர்த்து, எல்லாக் கலவையிலும் ஸ்லம்ப் ஏறக்குறைய ஒரே அளவில் வரச் செய்வதே முறை.

அச்சில் மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 35 முறை குத்தி, மறுநாள் கழற்றித் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அமுக்கும்போது கரண்டியால் தேய்த்த மேற்பரப்பு மேலேயோ கீழேயோ வராமல் கட்டியைத் திருப்பி வைக்க வேண்டும். கட்டியின் முகப் பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். 720 கிலோநியூட்டனில் உடைந்தால் வலு சதுர மில்லிமீட்டருக்கு 32 நியூட்டன். மூன்று கட்டிகள் 720, 742, 540 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 29.7, ஆனால் மூன்றாவதின் 24, சராசரியைவிட 19 சதவீதம் கீழே. விதி அனுமதிக்கும் விலகல் 15 சதவீதம்தான். ஆகவே இந்தச் சராசரியை ஏற்கக்கூடாது. அச்சு சரியாக நிரம்பவில்லையா, முகம் சமமில்லையா என்று தேடிவிட்டுப் புதிதாக வார்க்க வேண்டும்.

பெரும்பாலான அறிக்கைகளில் நான் காணாத ஒன்று உண்டு. சாம்பல் இல்லாத கட்டியோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். எந்த வினையும் புரியாத குவார்ட்ஸ் தூளை அதே நைசாக, அதே 20 சதவீதம் போட்டு இன்னொரு தொகுதியையும் வார்த்திருக்க வேண்டும். 28ஆம் நாளில் இரண்டும் ஒரே வலுவைக் காட்டினால், அதுவரை சாம்பல் வெறும் இடம் அடைக்கும் தூளாகவே இருந்திருக்கிறது. சாம்பல் கட்டி தெளிவாக முந்தினால்தான் சுண்ணாம்போடு அது வினைபுரிந்ததற்கு ஆதாரம் கிடைக்கும்.