நடையின் மேல் ஏறும் மூச்சு

கேம் திரையில் ஒரு சிப்பாய் துப்பாக்கியை ஏந்தி நடந்து வருகிறான். நெஞ்சு மெல்ல ஏறி இறங்குகிறது. வளைவில் திரும்பும்போது உடம்பு உள்பக்கமாகச் சாய்கிறது. சுடுகிறான், தோள் பின்னால் உதறுகிறது, கால்களோ ஒரு அடியும் தப்பாமல் நடந்துகொண்டே இருக்கின்றன. நம் கண்ணுக்கு இது ஒரே அசைவு. கம்ப்யூட்டருக்குள் நான்கு தனித்தனி அசைவுகள் அந்த நொடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. அடியில் இருப்பது ஒரு சாதாரண நடை. மற்ற மூன்றும் அதன் மேல் ஏறும் ‘அடிட்டிவ்’ லேயர்கள்.

ஒவ்வொன்றையும் முழுசாகவே அனிமேட் செய்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நடை, ஓட்டம், பதுங்கி நடத்தல் என்று மூன்று வகை. அமைதியான மூச்சு, இளைப்பு என்று இரண்டு. சுடுவது, சுடாதது இரண்டு. இடது, வலது, நேர் என்று சாய்வு மூன்று. பெருக்கினால் 36 அனிமேஷன்கள். அத்தனையும் செய்தாலும் போதாது. விளையாடுபவர் விசையை எப்போது அழுத்துவார் என்று யாருக்கும் தெரியாது. இடது கால் தரையில் இருக்கும்போதும் அழுத்தலாம், அது காற்றில் இருக்கும்போதும் அழுத்தலாம்.

சரி, நடையையும் நின்றபடி மூச்சுவிடும் அனிமேஷனையும் பாதிப் பாதியாகக் கலந்தால்? கலப்பது என்பது சராசரி எடுப்பது. நடக்கும் காலுக்கும் நிற்கும் காலுக்கும் சராசரி எடுத்தால் அடி பாதியாகச் சுருங்கிவிடும். மூச்சு கிடைக்கும், நடை போய்விடும்.

அடிட்டிவ் முறை கலப்பதில்லை. முதலில் கழிக்கிறது, பிறகு கூட்டுகிறது. முதுகெலும்பில் ஒரே ஒரு எலும்பை எடுத்துக்கொள்வோம். சிப்பாய் சும்மா நிற்கும்போது அது 5 டிகிரி முன்னால் குனிந்திருக்கிறது. மூச்சை முழுக்க இழுத்ததும் 3 டிகிரிக்கு நிமிர்கிறது. மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் மைனஸ் 2. லேயரில் சேமிக்கப்படுவது இந்த மைனஸ் 2 மட்டும்தான். நடையின் ஒரு ஃபிரேமில் அதே எலும்பு 8 டிகிரி குனிந்திருந்தால் விடை 6. வேறொரு ஃபிரேமில் 10 டிகிரி என்றால் விடை 8. நடை எங்கே இருந்தாலும் மூச்சு தன் பங்கை மட்டும் அதோடு சேர்க்கிறது. கால் எலும்புகளில் வித்தியாசம் பூஜ்யம் என்பதால் கால்களை அது தொடுவதே இல்லை. ஓடி வந்து இளைக்க வேண்டுமா? லேயரின் வெயிட்டை 1.5 ஆக்கினால் மைனஸ் 2 மைனஸ் 3 ஆகிவிடும். உண்மையில் முப்பரிமாணச் சுழற்சிகளை எண்களைப் போல அப்படியே கழித்துவிட முடியாது. எஞ்சின் எதிர்ச்சுழற்சியால் பெருக்கித்தான் அந்த வித்தியாசத்தை எடுக்கிறது. கருத்து மட்டும் இதுவேதான்.

இந்த முறையின் உயிர்நாடி, எதிலிருந்து கழிக்கிறோம் என்பது. மூச்சு அனிமேஷனைக் கழிக்க வேண்டியது அதே நிற்கும் போஸிலிருந்து. பெரும்பாலும் அதன் முதல் ஃபிரேமே போதும். பலர் இதைக் கவனிக்காமல், எலும்புக்கூடு உருவாக்கப்பட்ட மூலப் போஸிலிருந்து கழித்துவிடுகிறார்கள். அந்தப் போஸில் இரு கைகளும் பக்கவாட்டில் நீட்டியிருக்கும். அங்கிருந்து பார்த்தால், துப்பாக்கியை ஏந்திய கை ஏறக்குறைய 70 டிகிரி கீழே வந்திருக்கிறது. அந்த 70 டிகிரியும் ‘மூச்சு’ என்ற பெயரில் சேமிக்கப்படும். ஏற்கெனவே கீழே இருக்கும் நடையின் கையோடு அது இன்னொரு முறை கூடும்போது கை விலாவுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. மூச்சின் முதல் ஃபிரேமில் நிறுத்திக்கொண்டு, லேயரின் வெயிட்டை 0, 1 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். உடம்பு துளியும் நகரக் கூடாது. நகர்ந்தால் கழித்த போஸ் தவறு. அன்ரியலில் இதை `Base Pose Type` என்ற இடத்திலும், யூனிட்டியில் `Additive Reference Pose` என்ற இடத்திலும் சரிசெய்யலாம்.

துப்பாக்கியின் பின்னுதைக்குச் சிக்கல் வேறு. மூச்சு சுற்றிச் சுற்றி ஓடுவது. பின்னுதை ஒரு வெட்டு. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால், இரண்டாவது ஃபிரேமிலேயே தோள் 6 டிகிரி உச்சத்துக்குப் போய், பிறகு ஃபிரேமுக்கு ஒரு டிகிரியாக இறங்கி, எட்டாவது ஃபிரேமில் பூஜ்யத்துக்கு வரட்டும். ஒற்றைக் குண்டுக்கு இது அழகாக இருக்கும். நிமிடத்துக்கு 600 குண்டு சுடும் துப்பாக்கியில் மூன்று ஃபிரேமுக்கு ஒரு குண்டு. அடுத்த குண்டு வெடிக்கும்போது தோள் இன்னும் 5 டிகிரியில் நிற்கிறது. அனிமேஷனை முதலிலிருந்து ஓட்டினால் 5 சட்டென்று 0 ஆகி, மறுபடி 6க்குத் தாவும். திரையில் அது வெடவெடப்பாகத் தெரியும்.

இதற்கு நல்ல வழி, பழையதை நிறுத்தாமல் புதியதை அதன் மேல் ஓட்டுவது. வித்தியாசங்கள்தானே, கூட்டிக்கொண்டே போகலாம். மூன்றாவது குண்டு வெடிக்கும் கணத்தில் அதன் பங்கு 0, அதற்கு முந்தையதன் பங்கு 5, முதல் குண்டின் மிச்சம் 2, ஆக 7. அடுத்த ஃபிரேமில் 3, 4, 1 சேர்ந்து 8. அதற்கடுத்து 6, 3, 0 சேர்ந்து 9. பிறகு மறுபடி 7. சுட்டுக்கொண்டே இருக்கும் வரை தோள் பின்னால் தள்ளப்பட்டு 7க்கும் 9க்கும் இடையே அதிர்ந்துகொண்டிருக்கும். தொடர்ந்து சுடும் மனிதனின் தோளும் அப்படித்தான் இருக்கும். அதைத் தனியாக யாரும் அனிமேட் செய்யவில்லை; கூட்டலில் தானாக வந்தது. இன்னும் வேகமாகச் சுடும் துப்பாக்கி என்றால் கூட்டுத்தொகையும் ஏறும், அதற்கு மட்டும் ஒரு உச்சவரம்பு வைக்க வேண்டும்.

சாய்வுக்குப் பெரும்பாலும் அனிமேஷனே தேவையில்லை. இடப்பக்கம் சாய்ந்த ஒரு போஸ், வலப்பக்கம் சாய்ந்த ஒரு போஸ் போதும். திரும்பும் வேகத்தைப் பார்த்து வெயிட் மாறும். இடுப்பைச் சாய்த்தால் கால்களும் கூடவே போய்ப் பாதம் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும். அதனால் 12 டிகிரி சாய்வு வேண்டுமென்றால், முதுகின் மூன்று எலும்புகளுக்கு நான்கு நான்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கண்மட்டம் சாயாமலிருக்கக் கழுத்தைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்புவார்கள்.

நிமிர்ந்து நடக்கும்வரை இது சரியாக வேலை செய்யும். சிப்பாய் பதுங்கி, மேலுடம்பை 60 டிகிரி முன்னால் குனிந்ததும் பக்கவாட்டில் சாய வேண்டியவன் திடீரென்று திரும்பிப் பார்ப்பவனைப் போல ஆகிவிடுவான். சாய்வு எலும்பின் சொந்த அச்சைச் சுற்றி நடக்கிறது. உடம்பு குனிந்ததும் அந்த அச்சு தரையை நோக்கித் திரும்பிவிட்டது; சாய்வும் அதோடு சுழற்சியாக மாறிவிட்டது. அன்ரியலில் இதற்காகவே `Mesh Space` என்ற தேர்வு இருக்கிறது. அது திசையை எலும்பை வைத்து அளக்காமல் முழு உடம்பை வைத்து அளக்கிறது. கணக்கு கூடுதல்தான், ஆனால் சாய்வுக்கும் குறிபார்ப்பதற்கும் அது வேண்டும். மூச்சுக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் கூட்டி முடித்த பிறகும் ஒரு குறை மிஞ்சும். வலத் தோள் உதறியதில் துப்பாக்கி பின்னால் போயிருக்கும், இடக்கை பிடி நழுவி அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு லேயரும் தன் எலும்பை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று மட்டுமே அறியும். கை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே லேயர்கள் எல்லாம் முடிந்த பின், இடக்கையைத் துப்பாக்கியின் முன்பிடிக்கு இழுத்து வைக்கும் ஒரு தனிக் கணக்கு ஓட வேண்டும். அதை முதலிலேயே ஓட்டினால் அடுத்து வரும் பின்னுதை பிடியை மறுபடி கலைத்துவிடும்.

இதே காரணத்தால்தான் தோட்டா நிரப்புவதை அடிட்டிவாகச் செய்வதில்லை. அங்கே விரல்கள் மேகசினை எடுத்து, குறிப்பிட்ட துளையில் குறிப்பிட்ட இடத்தில் செருக வேண்டும். நடையின் கை அசைவோடு கூட்டினால் மேகசின் துப்பாக்கிக்கு அரை அடி தள்ளிப் போய்ச் செருகும். அதற்கு மேலுடம்பின் நடையை முழுக்க விலக்கிவிட்டு, தோட்டா நிரப்பும் அனிமேஷனை அந்த இடத்தில் வைக்கிறார்கள். மூச்சு அப்போதும் அதன் மேல் ஓடிக்கொண்டிருக்கும், வெயிட்டைக் கொஞ்சம் குறைத்து.