இன்றிரவு 88 நிமிடமா, 207 நிமிடமா?

ராத்திரி ஒன்பதரைக்குப் படம் பார்க்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்குதான் போடுவார்கள். உடம்பு அலுப்பாக இருந்தால் சின்னப் படம், மறுநாள் லீவு என்றால் பெரிய படம். அகிரா குரோசவாவின் இரண்டு படங்களை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரியும்.

1950இல் வந்த 'ராஷோமான்' 88 நிமிடம், பதினொன்றுக்குள் முடிந்துவிடும். ஆனால் அது அசந்து பார்க்கிற படமில்லை. காட்டில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். அவனைச் சண்டையிட்டுக் கொன்றதாகக் கொள்ளைக்காரன் சொல்கிறான். மயங்கி விழுந்து எழுந்தபோது புருஷன் நெஞ்சில் குறுவாள் இருந்தது என்கிறாள் மனைவி. செத்தவனோ ஆவியாக வந்து, தானே குத்திக்கொண்டதாகச் சொல்கிறான். பிறகு விறகுவெட்டி வேறொன்று சொல்கிறான். வாளா, குறுவாளா, யார் அழுதார்கள், யார் கெஞ்சினார்கள் என்பதிலெல்லாம் ஒரு கதைக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடுதான் படமே. நடுவில் பத்து நிமிடம் கண்ணயர்ந்தால் ஒரு சாட்சியமே போய்விடும். மிச்சத்தை எதோடு ஒப்பிடுவது? பாதியை நாளைக்கு வைப்பதும் சரிவராது, சின்ன விவரங்கள் மறந்துவிடும்.

நான்கு ஆண்டு கழித்து வந்த 'செவன் சாமுராய்' 207 நிமிடம். ஒன்பதரைக்குத் தொடங்கினால் ஒரு மணியைத் தொடும். ஆனால் கதை நேர்க்கோடு: கொள்ளையரிடமிருந்து ஊரைக் காக்க, சோறு மட்டுமே கூலியாகக் கொடுத்து ஆள் தேடுகிறார்கள் விவசாயிகள். ஒவ்வொருவராக வந்து சேர்வதை அவசரமில்லாமல் காட்டுகிறார் குரோசவா. அந்த நேரத்தில் நீங்கள் டீ போட எழுந்து போனாலும், திரும்பி வரும்போது இழை அறுந்திருக்காது. என்னைக் கேட்டால், ஆபீஸில் மண்டை காய்ந்து வந்த நாளில் 'ராஷோமா'னைவிட இதன் முதல் பாதிதான் சுகம்.

அதை நிறுத்த நல்ல இடமும் படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இடைவேளை வரும். அதுவரை ஆள் சேர்ப்பும் ஊரைத் தயார்ப்படுத்துவதும். பிறகு அறுவடை, சண்டை. இன்று பாதி, நாளை பாதி என்று பிரித்தால் நஷ்டமில்லை. ஆனால் இரண்டாம் பாதியைத் தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்தாதீர்கள். சண்டை நாள்கணக்கில் ஏறி, மழையில் போய் முடியும். அந்த ஏற்றம் ஒரே மூச்சில் பார்த்தால்தான் உறைக்கும். வெட்டிக் குறைத்த பிரதிகளும் வெளிநாடுகளில் ஓடியதுண்டு என்பதால், படத்தின் நேரம் 207 நிமிடம்தானா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டுமே ஜப்பானியப் படங்கள், சப்டைட்டில் படிக்கக் கண் ஒத்துழைக்க வேண்டும். முதல் இருபது நிமிடத்தில் ஒரே வசனத்துக்காக இரண்டு தடவை பின்னால் ஓட்டினீர்களா? அன்றைக்கு ஏற்கெனவே பார்த்த தமிழ்ப் படம் எதையாவது போட்டுவிட்டு, பத்தரைக்கே படுத்துக்கொள்ளலாம்.