படத்தில் பார்க்கும் கேரம் பலகை

பழைய கேரம் போர்டு விற்பனைக்கு என்று ஒரு படம் வருகிறது. ‘ஃபுல் சைஸ்’ என்கிறார் விற்பவர். ஆனால் பக்கத்தில் வேறு பொருள் இல்லாத படத்தில் சின்னப் பலகையும் பெரிதாகத்தான் தெரியும்.

போட்டிப் பலகையில், சட்டத்துக்கு உள்ளே ஆடுதளம் ஏறக்குறைய 74 செ.மீ. சதுரம். எனவே நடுவில் ஓர் ஏ4 தாளை வைத்து, நேர் மேலிருந்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லலாம். தாளின் நீளம் 29.7 செ.மீ. திரையில் தாள் 4 செ.மீ., ஆடுதளம் 10 செ.மீ. என்றால், அது முழு அளவு. தாள் 5 செ.மீ. என்றால் ஆடுதளம் 60 செ.மீ.கூட இல்லை. குழந்தைகளுக்கு அதுவே போதும்; பெரியவர்கள் நால்வர் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும்.

அடுத்தது பிளைவுட். போட்டி விதிப்படி அது குறைந்தது 8 மி.மீ. கனம் இருக்க வேண்டும். குழியின் ஓரத்தைக் கிட்டத்தில் எடுத்த படத்தில் அடுக்குகளோடு கனமும் தெரியும். மெல்லிய பலகை சீக்கிரம் நடுவில் தொய்யும். அதைக் கண்டுபிடிக்க, டியூப்லைட் பலகையில் பிரதிபலிக்கும்படி சாய்வாக ஒரு படம் போதும்: ஒளிக்கோடு நேராக ஓடினால் தளம் சமம், நெளிந்தால் காய்கள் தாமாகவே ஒரு பக்கம் நகரும்.

சட்டத்தின் துள்ளலை மட்டும் எந்தப் படமும் காட்டாது. ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடிக்கும் வீடியோ கேட்க வேண்டும். மூன்று முறைக்கு மேல் குறுக்கே ஓடினால், பேரம் பேசலாம்.